யூரின் ஸ்ட்ரிப்பில் தெரியாத புரதம்

கேள்வி: டொக்டர், அப்பாவுக்கு 64 வயது, தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர். மூன்று மாதமாக முதுகு வலி, டைக்ளோபெனாக் போட்டுத்தான் சமாளிக்கிறார். இப்போது கிரியேட்டினின் 2.6, ஹீமோகுளோபின் 8.4, ஈ.எஸ்.ஆர் 120. மொத்தப் புரதம் 10.2, அல்புமின் 3.1. யூரினில் புரதம் இல்லை என்று ரிப்போர்ட். தண்ணியால் வரும் கிட்னி வருத்தம் என்கிறார்கள். வேறு டெஸ்ட் வேண்டுமா?

பதில்: வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள்ளே. அதற்கு முன்னால் டைக்ளோபெனாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். பழுதுபட்ட கிட்னிக்குப் போகும் இரத்த ஓட்டத்தை அது இன்னும் குறைத்துவிடும். வலிக்கு பரசிட்டமோல் போதுமா, வேறு வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது புரதக் கணக்கு. 10.2இல் 3.1ஐக் கழித்தால் 7.1 வருகிறது. அதுதான் குளோபுலின், வழக்கமாக அது 3.5ஐத் தாண்டாது. இவ்வளவு குளோபுலின், முதுகு வலி, இரத்தசோகை, கிட்னிப் பழுது நான்கும் ஒருவரிடம் சேர்ந்தால் மல்டிபிள் மைலோமாவைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். அது எலும்பு மச்சையில் இருக்கும் பிளாஸ்மா கலங்களின் புற்றுநோய். எலும்பை அரிக்கும், அதனால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம்.

அப்போ யூரினில் ஏன் புரதம் இல்லை? யூரினில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் முக்கியமாக அல்புமினுக்குத்தான் நிறம் மாறும். மைலோமாவில் யூரினில் இறங்குவது லைட் செயின் என்ற சின்னப் புரதம். அது கிட்னியின் நுண்குழாய்களில் கட்டியாகி அடைத்துக்கொள்கிறது. ஸ்ட்ரிப்போ 'இல்லை' என்றே காட்டும். லாப்பில் அளந்த புரதம் அதிகமாகவும் ஸ்ட்ரிப்பில் இல்லாமலும் வந்தால், அந்த வித்தியாசமே பெரிய தடயம்.

ஆகவே இரத்தத்தில் கல்சியமும், புரதங்களை வகைவகையாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரேசிஸும், லைட் செயின் அளவும், பிளட் பிக்சரும் கேளுங்கள். கூடவே 24 மணி நேர யூரின். காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினை ஊற்றிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் போவதெல்லாம் அந்தக் கலனுக்குள்ளேயே போக வேண்டும், மறுநாள் அதே நேரத்து யூரின் உட்பட. ஒரு தடவை தவறினாலும் கணக்குக் குறைந்துவிடும்.

குளோபுலின் சாதாரணமாக வந்த சிலருக்கும் லைட் செயின் மட்டும் சுரக்கும் மைலோமா இருந்ததுண்டு. ஆகவே எலக்ட்ரோபோரேசிஸை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. உறுதி செய்வது எலும்பு மச்சைப் பரிசோதனை. அதற்கு இரத்தவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். லைட் செயினைச் சீக்கிரம் குறைத்தால் கிட்னி ஓரளவு மீளக்கூடும், தாமதித்தால் டயாலிசிஸில் போய் நிற்கும்.

திருகோணமலை மாவட்டத்தின் சில இடங்களில் காரணம் தெரியாத கிட்னி நோய் இருப்பது உண்மைதான். ஆனால் அது எலும்பை அரிப்பதுமில்லை, குளோபுலினை 7க்கு ஏற்றுவதுமில்லை.

ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவதென்றால் கிரியேட்டினின் அளவை முன்கூட்டியே சொல்லுங்கள். நெல் மூட்டை தூக்க விடாதீர்கள். தாகமும் மலச்சிக்கலும் மயக்கமும் கூடினால் கல்சியம் ஏறியிருக்கலாம். கால் மரத்தாலோ, யூரின் போகமுடியாமல் நின்றாலோ முள்ளந்தண்டு நசுங்கியிருக்கலாம். எதுவானாலும் கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.