வெளுத்த தோல், விடாத அரிப்பு

"அம்மாவுக்கு 66 வயது. பிறப்புறுப்பில் ராத்திரியெல்லாம் அரிப்பு, தோல் வெளுத்து மெலிந்திருக்கிறது. மூன்று மாதமாகப் பூஞ்சைக்கான களிம்பு போட்டும் குறையவில்லை. என்ன செய்வது?"

அந்தக் களிம்பை நிறுத்திவிட்டு, மகளிர் மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ நேரில் காட்டுங்கள். இது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற நாள்பட்ட தோல் நோய் போலத் தெரிகிறது. தொற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது.

அம்மாவைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசங்கிய வெங்காயச் சருகு மாதிரி வெள்ளைத் தோல் ஆசனவாய் வரை சுற்றிப் போயிருந்தாலோ, உள் இதழ்கள் தேய்ந்திருந்தாலோ சந்தேகம் வலுக்கும்.

உறுதியானால் பெரும்பாலும் குளோபெட்டசோல் 0.05% என்ற ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் தருவார்கள்: முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இருமுறை. 30 கிராம் டியூப் ஒன்று மூன்று மாதத்துக்குப் போதும். 'ஸ்டீராய்டு, தோலை மெலிதாக்கும்' என்று பயந்து பாதியில் விடுகிறவர்கள் உண்டு. இங்கே தோலைக் கெடுப்பது நோய்தான். அரிப்பு அடங்கினாலும் வெள்ளை முழுதாகப் போகாமல் இருக்கலாம்.

ஒன்று மட்டும்: நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு அதே இடத்தில் புற்றுநோய் வருகிறது. அதனால் அரிப்பு நின்ற பிறகும் வருடம் ஒருமுறை காட்ட வேண்டும். ஆறாத புண்ணோ தடிப்போ கட்டியோ வந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள், சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவைப்படலாம்.