நான்கு பேர், ஓர் அட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த வாரம் என் மனைவிக்கு 50 வயது. நானும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு வரி எழுதி ஒரே அட்டையாகக் கொடுக்க நினைத்தோம். நான் எழுதியது: ‘குடும்பத்தின் குலவிளக்கே, எங்கள் அன்பு அம்மாவே, நீ நூறாண்டு வாழ்க.’ பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள்: ‘தியாகத்தின் திருவுருவமான அம்மாவுக்கு வாழ்த்துகள்.’ தேசிய சேவையில் இருக்கும் மகன்: ‘அன்பின் ஊற்றே, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.’ தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் சின்னவன்: ‘அம்மா, சொல்வதெழுதுதல் அன்னிக்கு மட்டும் கோவப்படாதீங்க.’ அதை எடுத்துவிடலாமா? மொத்தத்தில் ஏதோ ஒட்டவில்லை.

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

சின்னவன் வரியை எடுக்க வேண்டாம். உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான். மற்ற மூன்றையும் அப்படியே பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கொடுக்கலாம், அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். மகள் வரியையும் மகன் வரியையும் இடம் மாற்றி வைத்தாலும் உங்கள் மனைவிக்குத் தெரியப்போவதில்லை. கூட்டாக எழுதும்போது இப்படித்தான் ஆகிறது. முதலில் எழுதுபவர் ‘தியாகம்’ என்று ஆரம்பித்துவிட்டால், அடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு அதே சுருதியில் பாடுகிறார். அதனால் எல்லாரையும் மேசையைச் சுற்றி உட்கார வைக்காதீர்கள். ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, தனித்தனியாக, அடுத்தவருக்குக் காட்டாமல் எழுதச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அம்மா செய்வதில் நீ மட்டும் பார்த்தது என்ன?

நீங்கள் தனியாக எழுதி அனுப்பிய விவரங்களிலேயே பதில் இருக்கிறது. மகன் ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பும்போது, பையில் சார்ஜர் இருக்கிறதா என்று அம்மா மூன்று தடவை திறந்து பார்ப்பார் என்று சொன்னீர்களே, அதுதான் அவன் வரி. ‘மூணு தடவை நீங்க பாத்துட்டீங்க, நாலாவது தடவை நான் பாத்துக்கிறேன்மா’ என்று அவன் எழுதினால் போதும், ஊற்றெல்லாம் வேண்டாம். மகள் கடைசி ரயிலில் வரும் நாட்களில் அம்மா சோபாவில் தூங்குவதுபோல் கிடப்பாராம். ‘நீங்க தூங்கலன்னு எனக்குத் தெரியும்’ என்பதை அவள் மட்டும்தான் எழுத முடியும். ஆளுக்கு ஒன்றிரண்டு வாக்கியம் போதும். ஒருவர் நீட்டினால் மற்றவர்கள் கஞ்சத்தனமாக எழுதியதுபோல் தெரியும். தாள்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இரண்டு பேர் அம்மாவின் சமையலையே எழுதியிருந்தால், பெரியவரை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். அட்டையின் பெரிய சிக்கல் அதில்தான் இருக்கிறது. ‘எங்கள் அன்பு அம்மாவே’ என்கிறீர்கள். அவர் உங்களுக்கு அம்மா இல்லையே! பிள்ளைகளோடு சேர்ந்து எழுதும் கணவர்கள் பலர் இப்படிப் பிள்ளைகள் வரிசையில் போய் நின்றுகொள்கிறார்கள். அட்டையில் அவருக்கு மூன்று பிள்ளைகளுக்குப் பதில் நான்கு பிள்ளைகள், கணவரைக் காணோம். இதனால்தான் அட்டையின் தலைப்பில் பொதுவான விளி எதையும் எழுதக் கூடாது என்கிறேன். தேதி மட்டும் போடுங்கள். பிள்ளைகள் ‘அம்மா’ என்று தொடங்கட்டும், நீங்கள் வீட்டில் கூப்பிடும் பெயரில் தொடங்குங்கள். அவர்கள் ‘நீங்க’ என்பதும் நீங்கள் ‘நீ’ என்பதும் அப்படியே இருக்கட்டும், ஒரே மாதிரியாக்க வேண்டாம்.

உங்களுக்கு இரவு வேலை. நீங்கள் புளோக்குக்கு வந்து சேரும்போது அவர் வேலைக்குக் கிளம்புகிறார், பல நாள் லிஃப்ட் வாசலில்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். அந்த அரை நிமிடத்தில் அவர் என்ன சொல்லிவிட்டுப் போவார்? ‘குழம்பைச் சூடு பண்ணிக்குங்க’ என்றா, ‘கேஸ் பில் கட்டியாச்சா’ என்றா? எதுவாக இருந்தாலும் அதை எழுதி, அதற்கு நீங்கள் சொல்லாமல் விட்ட பதிலை எழுதுங்கள். அதை நான் எழுதிக் கொடுத்தால் உங்கள் மனைவி முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம், வரிசை. அட்டையில் சின்னவன் முதலில், பிறகு மகன், மகள், கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு நீங்கள். சின்னவன் கடைசியில் வந்தால் அவன் வரியைப் படித்துச் சிரித்துவிட்டு அட்டையை மூடிவிடுவார், உங்களுடையது அந்தச் சிரிப்பில் போய்விடும். அவன் எழுத்துப்பிழைகளைத் திருத்தாதீர்கள், அன்றைக்கும் சொல்வதெழுதுதல் வேண்டாம். மகன் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை மகள் பார்த்து எழுதினால் இரண்டு வரி ஒரே கையெழுத்தில் வரும். அவன் வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது பேனாவைக் கையில் கொடுங்கள்.

கீழே ‘அன்புடன், குடும்பத்தார்’ என்று மட்டும் போட்டுவிட வேண்டாம். அது திருமண மொய்க் கவரில் எழுதுவது. ஒவ்வொரு வரியின் கீழும் அவரவர் பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயராகவே இருக்கட்டும். உங்கள் மனைவிக்கு என் வாழ்த்தையும் வாயால் சொல்லிவிடுங்கள், அட்டையில் ஐந்தாவது ஆள் வேண்டாம்.