இங்க் பேட் நிறைந்த பிரிண்டர்: ரீசெட் மட்டும் செய்தால் போதுமா?

“வீட்டில் எப்சன் L3110 வைத்திருக்கிறேன். டேங்கில் இங்க் இருக்கிறது, ஆனால் இரண்டு விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. இங்க் பேட் ஆயுள் முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டரில் வருகிறது. கடைக்காரர், ‘300 ரூபாய் கொடுங்க, ரீசெட் பண்ணித் தர்றேன்’ என்கிறார். செய்யலாமா?”

பேடையும் மாற்றித் தருவாரா என்று முதலில் கேளுங்கள். ரீசெட் மட்டும்தான் என்றால் வேண்டாம்.

ஹெட் கிளீனிங் நடக்கும்போதெல்லாம் கொஞ்சம் இங்க் உறிஞ்சப்பட்டு, ஒரு குழாய் வழியாகப் பின்பக்கம் இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். அதுதான் இங்க் பேட். பேட் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க அதில் சென்சார் கிடையாது. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் இவ்வளவு இங்க் போயிருக்கும் என்று பிரிண்டர் தன் மெமரியில் கணக்குக் கூட்டிக்கொண்டே வரும். கணக்கு 100 சதவீதத்தைத் தொட்டதும் பிரிண்டர் நின்றுவிடும். ரீசெட் அந்தக் கணக்கைத்தான் பூஜ்யமாக்குகிறது. பஞ்சு ஈரமாகவே இருக்கும். அப்படியே மறுபடி ஓட்டினால் இங்க் வழிந்து மேசையைக் கறையாக்கும், உள்ளே இருக்கும் பாகங்களையும் கெடுக்கும். அப்புறம் 300 ரூபாயில் முடியாது.

கடைக்காரரிடம் பழைய பேடைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கனமாக, கறுப்பாக இருக்கும். புதுப் பேட் போட்ட பிறகுதான் ரீசெட். பில்லில் இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கட்டும். சர்வீஸ் சென்டரிலும் இதையே கேளுங்கள்.

நீங்களே ரீசெட் செய்துகொள்ள ‘இலவச அட்ஜஸ்ட்மென்ட் புரோகிராம்’ என்று வீடியோக்களில் லிங்க் கொடுக்கிறார்களே, அதன் பக்கமே போகாதீர்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டரில் யாரோ உடைத்துப் போட்ட மென்பொருளை ஓட்ட வேண்டுமா? வட அமெரிக்காவில் எப்சனே இலவச ரீசெட் கருவி தருகிறது. ஒரு பிரிண்டருக்கு ஒரே முறை, அதுவும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கத்தான். ஒரு பஞ்சை மாற்றுவதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. L6160, L6190 போன்ற மாடல்களில் பேடுக்குப் பதில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் இருக்கும். T04D1 என்று கேட்டு வாங்கி நீங்களே மாற்றலாம். பாக்ஸில் சிப் இருப்பதால் கணக்கும் தானாகப் புதிதாகிவிடும், ரீசெட் தேவையில்லை. அந்த மாடல் வைத்திருப்பவர்களிடமும் ரீசெட் என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் L3110-இல் அந்த வசதி இல்லை.

புதுப் பேட் போட்டபின், பிரிண்ட் மங்கினால் முதலில் நாசில் செக் என்ற சோதனைப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். கோடு விடுபட்டிருந்தால் மட்டும் கிளீனிங் கொடுங்கள். பிரிண்டரை அதன் பவர் பட்டனில் அணையுங்கள். சுவர் சுவிட்சில் நேராக அணைத்தால் ஹெட் சரியாக மூடாமல் காய்ந்துபோகும், கிளீனிங் கூடும், பேடும் சீக்கிரம் நிறையும்.