பழைய ஷூ வாங்கலாமா?

கேள்வி: டாக்டர், என் தம்பி போலீஸ் வேலைக்கான ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறான். புது ரன்னிங் ஷூ வாங்க வசதியில்லை. இன்ஸ்டாகிராமில் ஒருவர் வெளிநாட்டு ஷூக்களைச் செகண்ட் ஹேண்டில் 1,500 ரூபாய்க்குத் தருகிறார். "கண்டிஷன் பத்துக்கு ஒன்பது, வாஷ் பண்ணியாச்சு" என்கிறார். அடுத்தவர் போட்ட ஷூவால் ஏதாவது தொற்று வருமா? அடிப்பாகம் எப்படி இருந்தால் வாங்கலாம்? வாக்கிங் போகும் அப்பாவுக்கும் ஒரு ஜோடி எடுக்கலாம் என்று நினைக்கிறோம். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை.

பதில்: தம்பிக்கு, பார்த்து வாங்கினால் வாங்கலாம். அப்பாவுக்கு வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் தொற்றைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் பழைய ஷூவில் வரும் கிருமிகளைப் பெரும்பாலும் நம்மால் சமாளித்துவிட முடியும். முன்பு போட்டவரின் நடைக்கு ஏற்ப அமுங்கிப்போன ஃபோமை மட்டும் எதுவும் செய்ய முடியாது. எவ்வளவு கழுவினாலும் அது நிமிராது. அதனால் அடிப்பாகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ரன்னிங் ஷூவின் அடியில் இரண்டு அடுக்குகள் இருக்கும். தரையில் படுவது ரப்பர். அதற்கும் பாதத்துக்கும் நடுவில் இருப்பது மிட்சோல் எனப்படும் மெத்தென்ற ஃபோம். விற்பவர்கள் ரப்பரை பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று படம் எடுத்துப் போடுகிறார்கள். நாமும் அதைப் பார்த்துத்தான் "அடி தேயவே இல்லை" என்று முடிவுக்கு வருகிறோம். ஆனால் ரப்பருக்கு முன்பே ஃபோம் களைத்துவிடும். ஒரு ஷூவின் ஆயுள் சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் ஓட்டம் என்று ஓட்டக்காரர்கள் கணக்கு வைப்பார்கள். அந்த அளவு ஓடிய ஷூவிலும் ரப்பர் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம்.

கல்லூரி மாணவர் ஒருவர் வலது முன்னங்காலின் உள்பக்கத்தில், எலும்பை ஒட்டி வலிக்கிறது என்று வந்தார். ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் வலி வரும், நின்றால் குறையும். இடது காலில் ஒன்றுமில்லை. அவர் போட்டிருந்தது செகண்ட் ஹேண்ட் ஷூ. அடியைத் திருப்பிப் பார்த்தால் ரப்பரின் வரிப்பள்ளங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டு ஷூக்களையும் மேசைமேல் வைத்து, குதிகால் பக்கம் கண் மட்டத்தில் இருக்கும்படி குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடது ஷூ நேராக நின்றது. வலது ஷூவின் பின்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கத்து ஃபோமில் குறுக்குச் சுருக்கங்கள் ஓடின. கட்டைவிரலால் அழுத்தினால் வெளிப்பக்கம் எதிர்த்து நின்றது, உள்பக்கம் பொசுக்கென்று உள்ளே போனது. முதலில் போட்டவருக்கு வலது பாதம் உள்பக்கமாகச் சரியும் பழக்கம் இருந்திருக்க வேண்டும். அந்தச் சரிவில் நம் மாணவர் தினமும் காலை வைத்து ஓடியிருக்கிறார். வலிக்கு ஷூ மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஓடும் தூரத்தையும் அவர் திடீரென்று கூட்டியிருந்தார். ஷூவை மாற்றி, தூரத்தைக் குறைத்து, கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்ததும் சரியாகிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். விற்பவரிடம் கூடுதலாக மூன்று படங்கள் கேளுங்கள். இரண்டு ஷூக்களையும் சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று. இரண்டு அடிப்பாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தது ஒன்று. உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து வைத்த படம் ஒன்று. படம் தர மறுத்தால் அந்த ஷூவை விட்டுவிடுங்கள்.

அடிப்பாகப் படத்தில் குதிகாலின் வெளி ஓரம், அதாவது சுண்டுவிரல் பக்கத்தின் பின்மூலை, கொஞ்சம் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் தரையில் முதலில் படும் இடம் அதுதான். முன்பாதத்தின் நடுவில் லேசாகத் தேய்ந்திருப்பதும் இயல்பு. அந்த மூலையில் ரப்பர் முழுவதும் போய், உள்ளே இருக்கும் வேறு நிற ஃபோம் எட்டிப் பார்த்தால் வேண்டாம். உள் ஓரம் முழுவதும், அல்லது குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை வெளி ஓரம் முழுவதும் தேய்ந்திருந்தாலும் வேண்டாம். எல்லாவற்றையும் விட முக்கியம், இடதும் வலதும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். ஒரு ஷூ மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் போட்டவருக்கு ஒரு காலில் பழைய காயமோ, கால் நீளத்தில் வித்தியாசமோ இருந்திருக்கலாம். ஒரு பக்கம் சரிந்த சாலையில் தினமும் ஓடியதாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் சரி, அந்தக் கோணல் உங்கள் தம்பிக்குத் தேவையில்லை.

இன்சோலும் நிறையச் சொல்லும். அதில் கறுப்பாக விரல் தடம் பதிந்திருக்கும். பெருவிரல் தடம் இன்சோலின் நுனிவரை போயிருந்தால், முன்பு போட்டவர் அளவு பத்தாத ஷூவில் காலைத் திணித்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் மேல்துணி அவருடைய விரலுக்கு ஏற்பப் புடைத்திருக்கும். தடங்கள் ஆழமான பள்ளங்களாக இருந்தால், இன்சோலை மாற்றினாலும் கீழே இருக்கும் ஃபோமிலும் அதே பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்சோல் ஒட்டப்பட்டிருந்து கழற்றவே வராது என்றால் அந்த ஷூவையும் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வரும் ஷூக்களில் சில அதிகம் போடாமலேயே பல வருடம் பெட்டியில் கிடந்தவையாக இருக்கும். மிட்சோல் பாலியூரித்தேன் என்ற வகையாக இருந்தால், காற்றிலுள்ள ஈரம் பட்டே அது சிதைந்துவிடும். பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். போட்டு ஓடிய முதல் வாரத்திலேயே பொடிப்பொடியாக உதிரும், அல்லது அடி தனியாகக் கழன்று வரும். நாக்குப் பகுதியின் உட்புறத்தில் தைத்திருக்கும் சின்ன லேபிளில் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும். ஐந்தாறு வருடத்துக்கு மேற்பட்டதை ஓடுவதற்கு வாங்க வேண்டாம். கையில் கிடைத்தால் இரண்டு முனைகளையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நட்டநடுவில் வளைந்தாலோ, மடக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, தொற்றுக்கு வருவோம். பழைய ஷூவிலிருந்து முக்கியமாக வரக்கூடியது சேற்றுப்புண். இது பூஞ்சைத் தொற்று. சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்து அரிக்கும். அந்தப் பூஞ்சையின் வித்துகள், உதிர்ந்த தோல் துணுக்குகளோடு ஷூவுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நகச்சொத்தைக்கும் இதே பூஞ்சைகள்தான் பெரும்பாலும் காரணம். பாதத்தில் வரும் மருவும் வைரஸால் பரவக்கூடியதுதான், ஆனால் ஷூவைவிட ஈரமான பொதுக் குளியலறைத் தரையில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம்.

"வாஷ் பண்ணியாச்சு" என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சோப்புத் தண்ணீர் அழுக்கையும் தோல் துணுக்குகளில் பெரும்பகுதியையும் நீக்கும், எல்லா வித்துகளையும் கொல்லாது. பூஞ்சையைக் கொல்ல 60 டிகிரி சூடு தேவை. அந்தச் சூட்டில் போட்டால் ஷூவின் பசை விட்டுவிடும். தூக்கலான சென்ட் வாசனை வந்தாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஷூவை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி அரைமணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுத் திறந்து முகர்ந்தால் உள்ளே அமுங்கியிருக்கும் நாற்றம் வெளியே வரும். உள்துணியில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால், குறிப்பாக வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்கள் இருந்தால், வாங்கவே வேண்டாம்.

வாங்கி வந்ததும் பழைய இன்சோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது இன்சோல் வையுங்கள். ஷூ லேஸையும் மாற்றிவிடுங்கள். உட்புறத்தை, முக்கியமாக விரல் பகுதியை, பழைய டூத் பிரஷில் சோப்பு தொட்டுத் தேய்த்துத் துடைத்து, நாக்கைத் தூக்கிவிட்டுக் காற்றில் இரண்டு நாள் காயவையுங்கள். உள்ளே விரல் விட்டால் சிறிதும் ஈரம் தெரியக்கூடாது. அப்புறம் குளோட்ரிமசோல் பவுடரை உள்ளே தூவி ஒரு இரவு விட்டுவிடுங்கள். முதல் சில வாரங்களுக்கு ஓடிவிட்டு வந்த பிறகும் இதைத் தொடரலாம். சாக்ஸ் இல்லாமல் போடவே கூடாது, போட்டுப் பார்ப்பதற்குக்கூட. சாக்ஸை வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கட்டும்.

இவ்வளவு செய்தும் விரலிடுக்கில் அரிப்பு வந்தால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு ட்யூபை வாங்கித் தடவ வேண்டாம். அப்படிக் கிடைக்கும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. நம் நாட்டில் சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை இவ்வளவு பரவியதில் இந்தக் கிரீம்களுக்குப் பெரிய பங்குண்டு. தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அப்பாவுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும். அது அவருக்கே தெரியாது. உங்கள் தம்பிக்கு இன்சோலில் ஒரு மேடு இருந்தால் பத்து நிமிடத்தில் உறுத்தும், கழற்றிப் பார்ப்பான். அப்பாவுக்கு உறுத்தாது. கொப்புளம் வந்து, உடைந்து, சாக்ஸில் கறை பார்த்த பிறகுதான் தெரியவரும். விரலிடுக்கில் வரும் சின்ன வெடிப்புகூட அவருக்குக் கிருமி உள்ளே போகும் வாசலாகிவிடும். சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் இடங்களில் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று சொல்வார்கள். வலியில்லாத சோதனை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்புதான் சரி, பின்பட்டை வைத்ததாக, விரலிடுக்கில் வார் இல்லாததாக. உணர்ச்சி நன்றாக இருந்தால் முன்பக்கம் அகலமான, சாதாரணமான புது ஷூ போதும். பிராண்ட் தேவையில்லை. பாதம் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில் அவரையே கடைக்கு அழைத்துப்போய், நிற்கவைத்து, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதைப் போடும் ஒவ்வொரு முறையும் முதலில் கையை உள்ளே விட்டுக் கல், முள் எதுவும் கிடக்கிறதா என்று அவர் தடவிப் பார்க்க வேண்டும்.