ஃப்ரீசரில் எது பழசு, எது புதுசு?

"ஃப்ரீசரில் மீனும் கறியும் பொட்டலம் பொட்டலமாகக் கிடக்கின்றன. எது எப்போது வைத்தது என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?"

பெயர், எத்தனை பேருக்கு, வைத்த தேதி: இந்த மூன்றையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி, உறைய வைக்கும் முன்பே ஒட்டுங்கள். பனி படிந்த பிறகு டேப் ஒட்டாது. புதியது பின்னால், பழையது முன்னால். கதவில் ஒரு பட்டியல். எடுத்ததும் அடித்துவிட வேண்டும். (எங்கள் வீட்டில் பேனாவை நூலில் கட்டிய பிறகுதான் இது நடந்தது.)

சனிக்கிழமை பட்டியலைப் பார்த்துத்தான் வாரச் சமையல். போன வாரம் இரண்டு மாத வஞ்சிரமும் மூன்று வாரக் கோழியும் இருந்தன. கொழுப்புள்ள மீன் இரண்டு மூன்று மாதத்தில் ருசி மாறும்; கோழி தாங்கும். அதனால் புதன்கிழமை மீன்குழம்பு. செவ்வாய் இரவே மீனை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். ஓரம் வெளுத்து உலர்ந்திருந்தது. காற்று பட்டதால் வருவது, கெட்டதல்ல. வறுவலுக்குச் சரிவராது, குழம்புக்குப் போதும்.