நானூறு கையெழுத்தும் ஒருவரின் பகல் தூக்கமும்

கேள்வி: "எங்கள் கோயில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் விழா, காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை ஒலிபெருக்கி. இரண்டு வீடு தள்ளி இருக்கும் நர்ஸ் அம்மா இரவு ஷிப்ட் பார்ப்பவர். பகலில் தூங்க முடியவில்லை என்று கடிதம் கொடுத்திருக்கிறார். விழா வேண்டும் என்று 400 குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. வழிபாடு எங்கள் உரிமைதானே? ஒருவருக்காக 400 குடும்பங்கள் விட்டுக்கொடுக்க வேண்டுமா?"
– கோயில் கமிட்டிச் செயலாளர்

பதில்:

முதலில் அந்தக் கையெழுத்துத் தாள்களை ஓரமாக வைத்துவிடுங்கள். அவற்றை வைத்து வாதாடினால் நஷ்டம் உங்களுக்கே. உரிமை என்று ஒன்று இருப்பதன் வேலையே, "மொத்தத்தில் எது அதிகம் பேருக்கு நன்மை" என்ற கூட்டல் கணக்கை ஓர் இடத்தில் நிறுத்துவதுதான். சட்டத் தத்துவ அறிஞர் ரானல்ட் டுவொர்க்கின் உரிமைகளைச் சீட்டாட்டத்தின் துருப்புச்சீட்டு என்றது இந்தப் பொருளில்தான். எதிர்ப்பக்கம் எத்தனை சீட்டு குவிந்திருந்தாலும் துருப்பு வெட்டிவிடும்.

அந்தத் துருப்பு உங்களையும் காப்பாற்றியிருக்கிறது. 2004இல் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு தமிழ் மாணவி மூக்குத்தி போட்டுவந்தார். சீருடை விதிக்கு விலக்குக் கொடுத்தால் ஒழுங்கு கெடும், மற்ற மாணவிகளும் கேட்பார்கள் என்றது பள்ளி. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. மூக்குத்தி மதக் கட்டாயம் இல்லை, மனம் விரும்பிப் பின்பற்றும் வழக்கம் என்று தெரிந்தும், அதைக் காக்க வேண்டும் என்று 2007இல் தலைமை நீதிபதி லங்கா தீர்ப்பளித்தார். பள்ளி முழுவதன் வசதியையும் ஒரு சிறுமியின் மூக்குத்தியையும் எண்ணிக்கைத் தராசில் வைத்திருந்தால் அவர் தோற்றிருப்பார். தென்னாப்பிரிக்காவில் தலைகளை எண்ணும் முறையில் தமிழர் வழிபாடு நிலைக்காது.

அதனால் கமிட்டியில் பேசும் ஒவ்வொரு காரணத்தையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: பக்தர்கள் 400 குடும்பங்களுக்குப் பதில் பத்தே பேர் என்றாலும் இந்தக் காரணம் நிற்குமா? "காவடி எடுப்பது என் நேர்த்திக்கடன், மேளமில்லாமல் அது நிறைவேறாது" என்பது நிற்கும். அது ஒவ்வொரு பக்தருக்கும் தனித்தனியாகச் சேர வேண்டியது. "ஊரே விரும்புகிறது" என்பது நிற்காது. ஓர் உரிமைக்கு எதிரே வைக்கத் தகுந்தது தனிமனிதர் ஒருவரின் உரிமைதான் என்பதில் டுவொர்க்கின் கண்டிப்பாக இருந்தார். பெரும்பான்மை தன் விருப்பத்துக்கே உரிமை என்று பெயர் வைத்துக்கொள்ள முடிந்தால் யாருக்கும் உரிமை மிஞ்சாது.

நர்ஸ் அம்மாவின் கோரிக்கையையும் இப்படியே சோதிக்க வேண்டும். இதே சத்தம் கல்யாண மண்டபத்திலிருந்து வந்தாலும் அவர் கடிதம் கொடுத்திருப்பாரா? கொடுத்திருப்பார் என்றால் அவர் கேட்பது தூக்கம், உடல்நலம். அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, நலத்துக்குக் கேடில்லாத சுற்றுச்சூழலை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கிறது. கோயில் அங்கே இருப்பதே பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. அடுத்தவர் எப்படி வாழ வேண்டும் என்ற விருப்பம் உரிமை ஆகாது. டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ பீச்சில் ஒரு மதரசாவின் தொழுகை அழைப்பை எதிர்த்த வழக்கில் இரண்டும் கலந்திருந்தன. மனுதாரர் இஸ்லாத்தின் மீதான தன் எதிர்ப்பை மறைக்கவே இல்லை. அழைப்பு அவர் வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்று 2020இல் கிடைத்த உத்தரவை 2022இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. உங்களுக்கு வந்த கடிதத்தில் பேச்சு தூக்கத்தைப் பற்றி மட்டுமே. ஆகவே இரண்டு பக்கமும் உண்மையான உரிமை இருக்கிறது.

எந்த உரிமை பெரிது என்று இப்போதே தீர்ப்புச் சொல்லத் தாவாதீர்கள். பெரும்பாலான கமிட்டிகள் இங்கேதான் தவறுகின்றன. மோதல் போலத் தெரிவதில் பெரும்பகுதி மோதலே இல்லை. விழா நிகழ்ச்சி நிரலை எடுத்து, சத்தம் எழும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே, அந்தச் சத்தம் வழிபாட்டின் பகுதியா என்று எழுதுங்கள். கொடியேற்றம், பூசை, மந்திரம், காவடி மேளம், தேர் – ஆம். பூசைகளுக்கு இடையே பக்திப் பாட்டைப் பதிவிலிருந்து ஓடவிடுவது, நன்கொடை அறிவிப்பு, மைக் சரிபார்ப்பு – இல்லை. பூசைக்குள்ளேயும் இன்னொரு பிரிவு உண்டு: மந்திரம் ஒலிப்பது வழிபாடு, இரண்டு வீடு தள்ளிக் கேட்பது வழிபாடு அல்ல. கூம்பு ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு, சின்னப் பெட்டி ஸ்பீக்கர்களைச் சன்னதியை நோக்கி உள்பக்கமாகத் திருப்பினால், பக்தருக்கு எதுவும் குறையாது. உரிமையின் ஓரத்தில், அது காக்கும் பொருளுக்கே சேதமில்லாத இடத்தில், குறைத்துக்கொள்ளலாம் என்பது டுவொர்க்கினும் ஒப்புக்கொண்டதுதான்.

இந்தப் பட்டியலுக்குப் பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது அநேகமாகக் கொடியேற்றத்தின் ஒரு காலைப்பொழுதும் காவடி நாளும்தான். உண்மையான மோதல் அவ்வளவே. இதற்கு அரசியலமைப்பின் 36ஆம் பிரிவு உதவும். அது ஒரு சட்டம் உரிமையைக் குறைக்கும்போது நீதிமன்றம் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறது. அண்டை வீட்டு வழக்குக்காக எழுதப்பட்டதல்ல, ஆனாலும் நல்ல வழிகாட்டி. உரிமையின் தன்மை, குறைப்பதன் நோக்கத்தின் முக்கியத்துவம், எவ்வளவு குறைகிறது, நோக்கத்துக்கும் குறைப்புக்கும் தொடர்பு உண்டா, இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வழி உண்டா என்று ஐந்து. உங்கள் விஷயத்தை முடிவு செய்வது மூன்றாவதும் ஐந்தாவதும்.

காவடி நாளில் மேளத்தை நிறுத்தினால் நேர்த்திக்கடனே போய்விடும். அதற்கு வேறு வழி கிடையாது. நர்ஸ் அம்மாவுக்கு அன்று ஒரு பகல் தூக்கம் கெடும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு வழிகள் உண்டு. ஆகவே அந்த நாளில் அவருடைய உரிமை இடம் கொடுக்கிறது. பத்து நாளும் தொடர்ந்து தூக்கம் போனால் முடிவு தலைகீழாகும்: களைத்த கையோடு அவர் இரவில் நோயாளிக்கு ஊசி போட வேண்டியிருக்கும், நீங்கள் இழப்பதோ பதிவுப் பாட்டு. 400 குடும்பங்கள் 4,000 ஆனாலும் இந்த முடிவு மாறாது.

இடம் கொடுத்த உரிமை அழிந்துவிடவில்லை. மலையில் பனிப்புயலில் சிக்கியவர், உயிர் பிழைக்க ஆளில்லாத ஒரு குடிலை உடைத்து நுழைந்து, மேசை நாற்காலிகளை எரித்துக் குளிர்காய்கிறார் என்று தத்துவ அறிஞர் ஜோயல் ஃபைன்பெர்க் ஓர் உதாரணம் சொன்னார். அவர் செய்தது சரிதான்; ஆனாலும் குடில்காரருக்கு நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். அதேபோல் அந்த ஒரு நாளுக்காக நீங்கள் நர்ஸ் அம்மாவுக்குக் கடன்பட்டவர்கள். மருத்துவமனையில் ஷிப்ட் பட்டியல் போடுமுன், தேதியும் மேளம் தொடங்கி முடியும் நேரமும் எழுதி அவர் கையில் நேரில் கொடுங்கள். ஒரு மாதம் முன்பே கொடுத்தால் நல்லது. ஷிப்ட் மாற்ற முடியாவிட்டால், அன்று பகல் அவர் தூங்க வேறோர் அறை ஏற்பாடு செய்து, செலவைக் கோயில் கணக்கில் எழுதுங்கள். பிரசாதம் அனுப்பிவைத்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நீங்கள் செய்யும் ஏற்பாட்டை வேண்டாம் என்று மறுக்க அவருக்கு உரிமை உண்டு. மறுத்துவிட்டார் என்பதைக் காரணமாக்கி, அடுத்த ஆண்டு கூம்பு ஒலிபெருக்கியைத் திரும்ப ஏற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

தீர்மானத்தை எழுதும்போது மினிட்ஸ் புத்தகத்தில் "பெரும்பான்மை வாக்கில் நிறைவேறியது" என்பதோடு நிறுத்தாமல், எந்தெந்தச் சத்தம் நீங்கியது, எது எந்தக் காரணத்தால் நின்றது என்று வரிவரியாகப் பதியுங்கள். மாநகராட்சியின் இரைச்சல் விதிகளையும் தனியே கேட்டறியுங்கள். நாளை பக்கத்து வீட்டுக்கு வேறொருவர் குடிவந்து, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டால், எவ்வளவு குறைகிறது என்ற மூன்றாவது கேள்விக்கான விடை மாறும். அப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.