போட்டோவைப் பழைய போஸ்ட்கார்டாக மாற்றுவது

கேள்வி: போனில் எடுத்த கோயில் படத்தைப் பழைய அச்சு போஸ்ட்கார்டு மாதிரி மாற்றினேன். பார்டர், பழுப்பு நிறம் எல்லாம் போட்டும் போலியாகவே தெரிகிறது. ஏன்?

பதில்: பழுப்பு நிறத்தைப் படத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பார்டரைப் பளிச்சென்ற வெள்ளையாக விட்டிருப்பீர்கள். நிஜ அட்டையில் பார்டர் என்பது மை படாத காகிதம்தான். காகிதம் பழுத்தால் பார்டரும் சேர்ந்துதான் பழுக்கும்.

GIMP என்ற படத் திருத்த மென்பொருளில் 1650×1050 பிக்சலில் (5.5×3.5 அங்குலம், 300 dpi) வெள்ளைத் தாள் திறந்து, சுற்றி 60 பிக்சல் விட்டுப் படத்தை வையுங்கள். அடுத்து Colors > Curves. இடது கீழ் மூலைப் புள்ளியை 45 வரை உயர்த்துங்கள். மங்கிய மையில் முழுக் கறுப்பு இருக்காது; கோபுர நிழல் அடர் சாம்பலாக மாறினால் சரி. அப்புறம் பழைய காகிதம் ஒன்றை ஸ்கேன் செய்து, எல்லாவற்றுக்கும் மேல் லேயராக வைத்து, Mode-ஐ Multiply ஆக்குங்கள். பார்டரும் படமும் ஒரே தாளில் உட்கார்ந்துவிடும்.

தேய்மானத்தைக் கடைசியில், அதற்கும் மேலே ஒரு புது லேயரில் செய்யுங்கள். பலரும் விளிம்பைச் சுற்றிக் கரும்பழுப்பு தீட்டுவார்கள். அது தீயில் கருகிய தாள் மாதிரி இருக்கும். அட்டை தேய்ந்தால் மேல்பரப்பு உரிந்து உள்ளே வெளிர் நார்தான் தெரியும். அதனால் சொரசொரப்பான பிரஷ்ஷில் வெளிர் நிறம் எடுத்து மூலைகளில் மட்டும் தொடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் குட்டு உடைந்துவிடும்.